புதிதாக வேலை தேடுபவரின் போர்ட்ஃபோலியோ பக்கம்: எந்த ப்ராஜெக்டைக் காட்டுவது, எப்படி எழுதுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். புதியவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படித்து முடித்த பிள்ளைகள் தங்கள் போர்ட்ஃபோலியோ பக்கத்தின் முகவரியை அனுப்பி, பார்த்துச் சொல்லும்படி கேட்பதுண்டு. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கத்து மாணவி ஒருவரின் பக்கத்தை, அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

1. அக்கா, மொத்தம் ஆறு ப்ராஜெக்ட் செஞ்சிருக்கேன். ஆறையும் போட்டுடலாமா?

மூன்று போதும், இரண்டு மட்டுமே தேறினால் இரண்டு போதும். பார்ப்பவர் பெரும்பாலும் முதலில் இருப்பதைத் திறப்பார், அது பிடித்தால் இரண்டாவதைத் திறப்பார், அதற்குமேல் போகமாட்டார். ஆறும் வரிசையாக இருந்தால் அவர் கை எதன்மேல் படும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆறில் மிகச் சாதாரணமான ஒன்றைத் திறந்துவிட்டால், மற்ற ஐந்தும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வார்.

தேர்ந்தெடுப்பதற்கு நான் சொல்லும் வழி இதுதான். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு ப்ராஜெக்டைப் பற்றியும் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஏன் இப்படிச் செய்தேன், எங்கே சிக்கியது, எதை மாற்றினேன் என்று பேச்சு ஓடினால் அது பக்கத்தில் இருக்க வேண்டியது. மூன்று நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் எடுத்துவிடலாம்.

அந்த மாணவியின் பக்கத்தில் கால்குலேட்டர், செய்ய வேண்டியவை பட்டியல், வானிலைப் பக்கம், ஒரு பிரபல வீடியோ தளத்தின் நகல், முகம் பார்த்து வருகை பதியும் இறுதியாண்டு ப்ராஜெக்ட், மாமாவின் அறுவடை இயந்திரத்துக்கான கணக்குப் பக்கம் என்று ஆறு இருந்தன. கடைசியாகச் சொன்னது பக்கத்திலும் கடைசியில், "சிறு வெப் ஆப்" என்ற தலைப்பில் ஒளிந்திருந்தது. அதைத்தான் முதலிடத்துக்கு ஏற்றச் சொன்னேன்.

2. கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்த டூ-டூ லிஸ்ட், வெதர் ஆப் எல்லாம் போட்டா தப்பா?

தவறில்லை, ஆனால் அவற்றில் நீங்களாக எடுத்த முடிவு எதுவும் தெரியாது. வானிலை விவரம் வேறொரு சேவையிலிருந்து வருகிறது. அதைத் திரையில் காட்டும் முறையைக் காணொளி சொல்லிக் கொடுத்துவிட்டது. நேர்காணல் செய்பவர் அதே நிறத்தில் அதே மேகப் படத்துடன் அந்தப் பக்கத்தைப் பலமுறை பார்த்திருப்பார்.

வைத்துக்கொள்ள வேண்டுமானால் உங்களுக்கான ஒரு கேள்விக்கு விடை சொல்வதாக அதை மாற்றுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், மேகம் கூடினால் களத்தில் நெல்லைப் பரப்பலாமா வேண்டாமா என்பதே இங்கு பல வீடுகளில் எழும் கேள்வி. அந்த மாணவி தன் வானிலைப் பக்கத்திலிருந்து காற்றின் வேகம், சூரிய உதயம் முதலியவற்றை எல்லாம் நீக்கிவிட்டு, அடுத்த ஆறு மணி நேரத்துக்கான மழை வாய்ப்பை மட்டும் மணிவாரியாகக் காட்டினார். இணையம் கிடைக்காதபோது பழைய விவரத்தையே, அது எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன் காட்டும்படியும் செய்தார். இந்த இரண்டும் அவருடைய முடிவுகள். அவற்றைப் பற்றி அவரால் பேச முடியும். கால்குலேட்டர், பட்டியல், நகல் தளம் மூன்றையும் எடுத்துவிட்டோம்.

3. மாமாவுக்காகச் செஞ்சு கொடுத்ததை எல்லாம் போட்டா கம்பெனிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?

ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்திய மென்பொருள் என்பது புதியவர்களின் பக்கங்களில் அரிதாகத்தான் கிடைக்கிறது. பயன்படுத்தியவர் உறவினர் என்பதால் அதன் மதிப்பு குறைவதில்லை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விவரணைக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சம்பா அறுவடைக் காலத்தில் இயந்திரம் மணிக்கணக்கு வாடகைக்கு வயல் வயலாகப் போகும். ஓட்டுநர் ஒரு நோட்டில் வயல்காரர் பெயர், ஓடிய நேரம், வாங்கிய முன்பணம் ஆகியவற்றை எழுதி வருவார். மாலையில் மாமா கணக்குப் பார்ப்பார். மாணவி முதலில் செய்த பக்கத்தில் "மணி நேரம்" என்று ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. ஒரு மணி இருபது நிமிடம் ஓடியதை ஓட்டுநர் நோட்டில் எழுதும் பழக்கத்தில் 1.20 என்றே பதிந்தார். நிரலோ அதை 1.2 மணி, அதாவது 72 நிமிடம் என்று எடுத்துக்கொண்டது. மணிக்கு 2,400 ரூபாய் வாடகை என்றால் 80 நிமிடத்துக்கு 3,200 ரூபாய் வர வேண்டும்; பக்கம் காட்டியது 2,880 ரூபாய். ஒரே வயலில் 320 ரூபாய் குறைவு. மூன்றாம் நாள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் மாமாவுக்கு இது பிடிபட்டது.

திருத்தம் மிகச் சிறியது. பெட்டியை மணி, நிமிடம் என இரண்டாகப் பிரித்து, கணக்கை நிமிடத்தில் வைத்துக்கொண்டார்:

```js
const total = Number(hours) * 60 + Number(minutes);
const amount = Math.round(total * rate / 60);
```

இந்த இரண்டு வரிகளில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனால் தவறு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்: பயன்படுத்துகிறவர் எப்படி எழுதுவார் என்பதை யோசிக்காமல் பெட்டி வைத்ததால் வந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய ஒருவரைத்தான் நான் வேலைக்குத் தேடுவேன். இரண்டாவதாக, நடு வயலில் சிக்னல் கிடைக்காது என்பதால் பதிவுகளை `localStorage` வழியாகக் கைப்பேசி உலாவியிலேயே சேமித்தார். உலாவியின் தரவை யாராவது அழித்துவிட்டால் கணக்கும் போய்விடும் அல்லவா? அதற்காக, அன்றைய பதிவுகளை ஒரு கோப்பாக மாற்றி இரவில் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பொத்தான் வைத்தார்.

4. சரி, இதை எல்லாம் பக்கத்துல எப்படி எழுதுறது? எனக்கு ரெண்டு வரிக்கு மேல வர மாட்டேங்குது.

அவர் முதலில் எழுதியிருந்தது இது: "நவீனத் தொழில்நுட்பங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட, பயன்படுத்த எளிதான, எல்லாத் திரைகளுக்கும் பொருந்தும் வெப் ஆப்." இந்த வாக்கியத்தை எடுத்து அவருடைய வானிலைப் பக்கத்தின் கீழ் ஒட்டினாலும் பொருந்தும், நகல் தளத்தின் கீழ் ஒட்டினாலும் பொருந்தும். வேறு எதற்கும் பொருந்தாத வாக்கியம் வரும்வரை திருத்த வேண்டும்.

மாற்றி எழுதியதைத் தமிழில் தருகிறேன், பக்கத்தில் இருப்பது ஆங்கிலத்தில், ஏறக்குறைய இதே அளவில்: "ஒரு அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநரும் உரிமையாளரும் ஒரு சம்பா பருவம் முழுவதும் பயன்படுத்திய வாடகைக் கணக்குப் பக்கம். இதற்குமுன் கணக்கு நோட்டில் இருந்தது. வயலில் இணையம் இல்லாததால் பதிவுகள் கைப்பேசியிலேயே சேமிக்கப்படுகின்றன. நாள்தோறும் ஒரு கோப்பாக வெளியே அனுப்பலாம். முதல் வடிவத்தில் 1.20 என்ற பதிவு 72 நிமிடமாகக் கணக்கிடப்பட்டது. மணியையும் நிமிடத்தையும் பிரித்துத் திருத்தினேன். ஒரே இயந்திரத்துக்கு மட்டுமே பயன்படும். ஜாவாஸ்கிரிப்ட், தனிச் சர்வர் இல்லை."

யார் பயன்படுத்தினார்கள், முன்பு என்ன இருந்தது, நான் எடுத்த முடிவு, நடந்த தவறு, எல்லை, கடைசியாகக் கருவிகள் என்ற வரிசையைக் கவனியுங்கள். பலர் கருவிகளின் பெயர்களை முதலில் அடுக்கி, அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கிட்ஹப்பில் உள்ள `README.md` கோப்பிலும் இதே பத்தியை வைத்து, அதன்கீழ் நிரலை இயக்கும் முறையை எழுதினால் போதும்.

5. குறையை நாமளே எழுதி வெச்சா நம்மளைக் குறைச்சு மதிப்பிட மாட்டாங்களா?

எல்லை வேறு, முடிக்காமல் விட்டது வேறு. "ஒரே இயந்திரத்துக்கு மட்டும்" என்பது எல்லை. மாமாவிடம் இருப்பது ஒன்றுதான் என்ற காரணம் அதற்கு உண்டு. "சேமி பொத்தான் சில நேரம் வேலை செய்யாது" என்பது முடிக்காத வேலை. அதை எழுதாதீர்கள், சரிசெய்யுங்கள். தாமாகவே எல்லையைச் சொன்னவரிடம் கேள்விகள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும், அதற்கு அவர் தயாராகவும் இருப்பார்.

"எதிர்கால மேம்பாடுகள்" என்ற தலைப்பில் பிளாக்செயின், குரல் வழிக் கட்டளை என்று கல்லூரி அறிக்கையில் எழுதியதை அப்படியே ஒட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறுவடைக் கணக்குக்குப் பிளாக்செயின் எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

6. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நாலு பேர் சேர்ந்து செஞ்சது. அதை என்னோடதுன்னு போடலாமா?

போடலாம், "நால்வர் குழு, என் பங்கு இது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். மாணவியின் குழுவில் அவர் செய்தது, பதிவான வருகையைப் பேராசிரியர் பார்க்கும் திரையும், தவறாகப் பதிந்ததைக் கையால் திருத்தும் வசதியும். முகத்தை அடையாளம் காணும் பகுதி வேறொருவருடையது. முன்பு அவர் பக்கத்தில் முழுவதும் தன்னுடையது போல் இருந்தது. நேர்காணலில் முக அடையாளத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி வந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார். திருத்தும் வசதியைப் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுகிறார்.

யார் எவ்வளவு செய்தார்கள் என்பதைப் பார்ப்பவரும் ஓரளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை நினைவில் வையுங்கள். நிரல் இருக்கும் கோப்புறையில் கீழுள்ள கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொருவர் பெயரிலும் எத்தனை கமிட் இருக்கின்றன என்று வந்துவிடும்:

```
git shortlog -sn
```

நால்வரும் ஒரே லேப்டாப்பில் உட்கார்ந்து வேலை செய்திருந்தால் ஒரே பெயர்தான் வரும். நம் கல்லூரிகளில் இது சாதாரணம். அப்படியானால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து போலி கமிட் சேர்ப்பது தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

7. எங்க ப்ராஜெக்ட்ல அக்யூரசி 98 சதவீதம் வந்துச்சு. அதைப் பெரிசா போடலாம்ல?

எத்தனை படங்களில், எந்தப் படங்களில் என்று சொல்ல முடிந்தால் போடுங்கள். இந்தக் குழு இருபது மாணவர்களை ஆளுக்குப் பத்துப் படம் எடுத்து, மொத்தம் 200 படங்களில் 160-ஐப் பயிற்சிக்கும் 40-ஐச் சோதனைக்கும் வைத்திருந்தது. ஆனால் ஒருவருடைய பத்துப் படங்களும் ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நிமிடத்தில் தொடர்ந்து எடுக்கப்பட்டவை. சோதனைப் படம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அதன் இரட்டைப் பிறவி பயிற்சிப் படங்களில் இருக்கிறது. அப்படியிருக்கச் சதவீதம் உயராமல் என்ன செய்யும்? மேலும், 40 படங்களில் ஒரே ஒரு படம் தவறினாலே 2.5 சதவீதம் குறையும்.

வேறொரு நாள், வேறொரு வகுப்பறையில், சன்னல் வெளிச்சத்தில் புதிதாகப் படம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். எண் குறையத்தான் செய்யும். இரண்டு எண்களையும் பக்கத்தில் போட்டு, ஏன் குறைந்தது என்று ஒரு வாக்கியம் எழுதினால், அது தனியாக நிற்கும் 98-ஐவிட நல்ல விவரணை. இதைச் செய்ய நேரமில்லை என்றால் எண்ணையே விட்டுவிடலாம்.

8. என் லேப்டாப்ல நல்லா வருது, உங்க ஃபோன்ல மட்டும் படம் ஏன் வரலை?

நான் பார்த்த வரையில் இரண்டே காரணங்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, எழுத்து வேறுபாடு: கோப்பின் பெயர் `Photo.JPG`, நிரலில் எழுதியது `photo.jpg`. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும்; கிட்ஹப் பேஜஸ் அப்படிக் கொள்ளாது. மற்றொன்று, பாதையின் முன்னால் வரும் சாய்கோடு:

```html
<img src="/images/vayal.png">
<img src="images/vayal.png">
```

உங்கள் பக்கம் `username.github.io/aruvadai/` என்ற முகவரியில் இருந்தால், முதல் வரி `aruvadai` என்பதை விட்டுவிட்டு `username.github.io/images/` என்ற இடத்தில் படத்தைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. முகப்புப் பக்கத்தில் இரண்டாவது வரி சரியாக வேலை செய்யும். யாருக்கும் அனுப்புவதற்கு முன், வீட்டில் உள்ள வேறொருவரின் கைப்பேசியில், வைஃபை இல்லாமல், ஒவ்வொரு இணைப்பையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

9. லிங்க்கைத் தொட்டா ஒரு நிமிஷம் வெள்ளையா நிக்குது, அப்புறம்தான் வருது. சீனியரோட பழைய லிங்க் சுத்தமா வரலை. என்ன காரணம்?

கிட்ஹப் பேஜஸ் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை அப்படியே தருமே தவிர, பைத்தான் போன்ற சர்வர் நிரலை இயக்காது. அதற்காகப் பலர் ரெண்டர் போன்ற இடங்களில் இலவசத் திட்டத்தை எடுக்கிறார்கள். ரெண்டரில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் இலவச சர்வர் உறங்கிவிடும். அடுத்து வருபவர் அது எழுந்திருக்கும் வரை ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சீனியரின் இணைப்பு ஹெரோகுவில் இருந்திருக்கலாம். அங்கே 2022 நவம்பரில் இலவசத் திட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது.

அறுவடைப் பக்கத்துக்குச் சர்வரே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. வருகைப் பதிவு ப்ராஜெக்டுக்கு 40 நொடித் திரைப்பதிவு ஒன்றை எடுத்து இணைப்புக்கு மேலே வைக்கச் சொன்னேன். கேமராவைத் திறக்க அனுமதி கேட்கும் பக்கத்துக்கு, முன்பின் தெரியாத ஒருவர் எளிதில் அனுமதி தரமாட்டார் என்பதாலும் திரைப்பதிவுதான் அங்கே ஏற்றது. உள்நுழையக் கடவுச்சொல் கேட்கும் பக்கமானால், மாதிரிக் கணக்கு ஒன்றை அருகிலேயே எழுதி வையுங்கள்.

10. சோர்ஸ் கோடை எல்லாருக்கும் தெரியுற மாதிரி வெக்கலாமா? ஏதாவது பிரச்சனை வருமா?

வைக்கலாம், இரண்டு பொருள்களை நீக்கிய பிறகு. முதலாவது சாவிகள். வானிலைச் சேவையின் ஏபிஐ சாவியை மாணவி நிரலிலேயே எழுதியிருந்தார். நான் சொன்னதும் அந்த வரியை நீக்கி மீண்டும் ஏற்றினார். அது போதாது, ஏனென்றால் கிட்டின் வரலாற்றில் பழைய கமிட்டைத் திறந்தால் சாவி அப்படியே இருக்கும். சேவையின் தளத்துக்குப் போய்ப் பழைய சாவியை ரத்துசெய்து புதிதாக வாங்குவதே சரி. சாவியை `.env` கோப்பில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரை `.gitignore`-இல் சேர்ப்பது சர்வர் உள்ள ப்ராஜெக்டுக்குத்தான் உதவும். உலாவியில் ஓடும் நிரலில் வைத்த சாவியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இரண்டாவது மனிதர்களின் விவரம். அறுவடைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் வயல்காரர்களின் உண்மைப் பெயர், பாக்கித் தொகை எல்லாம் தெரிந்தன. ஊரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. கற்பனைப் பெயர்களுடன் மாதிரிப் பதிவுகள் உண்டாக்கி, படத்தை மீண்டும் எடுத்தார். வகுப்புத் தோழர்களின் முகப் படங்களையும் கிட்ஹப்பிலிருந்து எடுத்தாயிற்று. வரலாற்றில் அவையும் தங்கியிருக்கும் என்பதால், புதிய களஞ்சியம் தொடங்கிப் பழையதை அழித்துவிட்டார்.

11. உண்மையைச் சொல்லணும்னா எங்க ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினது. போடலாமா?

வேண்டாம். அதே நிரல் வேறு கல்லூரிகளுக்கும் போயிருக்கும், ஒரு வரியைத் தேடினாலே பல கிட்ஹப் கணக்குகளில் அகப்பட்டுவிடும். முதல் கேள்வியில் சொன்ன பதினைந்து நிமிடப் பேச்சிலும் அது தேறாது. அதில் ஒரு பகுதியை நீங்களே அழித்து மீண்டும் எழுதியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் தனி ப்ராஜெக்டாக எடுத்து, மூலம் என்னுடையது அல்ல என்று சொல்லிக் காட்டலாம். அதுவும் இல்லையென்றால், மூன்றாம் கேள்வியில் உள்ளது போல் வீட்டிலோ தெருவிலோ நோட்டில் கணக்கு எழுதும் ஒருவரைத் தேடிப் பாருங்கள்.

12. ஹெச்டிஎம்எல் 90%, சிஎஸ்எஸ் 80%னு கோடு போட்டுக் காட்டுறது நல்லாதானே இருக்கு?

எதில் தொண்ணூறு? எடுத்துவிடுங்கள்.

13. என் பக்கத்துல இருந்தே கேள்வி வந்தா எப்படிக் கேப்பாங்க?

எழுதியிருப்பதற்கு ஒரு படி அப்பால் கேட்பார்கள். அறுவடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்டது: ஓடிய நேரத்தை ஓட்டுநர் ஏன் கணக்கிட வேண்டும்? தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் வாங்கி, நிரலே கழித்துக்கொள்ளலாமே?

சரி என்று உடனே எழுதிக்காட்டினார். மழை வரும்போல் இருந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவிலும் அறுப்பதுண்டே என்று நினைவூட்டினேன். 23:40-க்குத் தொடங்கி 00:30-க்கு முடிந்தால், 30-இலிருந்து 1,420-ஐக் கழித்து -1,390 நிமிடம் என்று வருகிறது. சற்று யோசித்து, விடை எதிர்மறையானால் ஒரு நாளுக்கான 1,440-ஐக் கூட்ட வேண்டும், அப்போது 50 நிமிடம் சரியாக வரும் என்றார். பிறகு அவராகவே, நடுவில் டீசல் போட நிறுத்திய நேரத்தை வாடகையில் சேர்ப்பதா வேண்டாமா என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார். அந்தக் கேள்விக்கான பதில் வந்த பிறகு விவரணையில் இன்னொரு வரி கூடும்.